ஒரு வாரத்து ஃபார்வர்டு மெயில்களை மேலாளருக்கு ஒரே பக்கமாக்குவது எப்படி?

ஆறாம்மாடி | வெள்ளி, நவம்பர் 7, காலை 11:20

வணக்கம். நான் ஒரு பிரிவுத் தலைவருக்கு உதவியாளர். அவர் இந்த வாரம் முழுக்கப் பயணத்தில் இருக்கிறார். தான் ஏதோ செய்ய வேண்டியிருக்கும் என்று படுகிற மெயிலையெல்லாம் போனிலிருந்தே எனக்கு ஃபார்வர்டு செய்துவிடுகிறார். மேலே "பார்க்கவும்" என்று ஒரு சொல் இருக்கும், பாதி மெயிலில் அதுவும் இருக்காது. திங்கள் 10-ம் தேதி காலை அவர் வந்து உட்காரும்போது, நிலுவையில் இருப்பதெல்லாம் முக்கியத்துவ வரிசையில் ஒரே பக்கத்தில் இருக்க வேண்டும். அடுத்த கூட்டத்துக்கு முன்னால் கால் மணி நேரம்தான் கிடைக்கும்.

அடையாளம் தெரியாதபடி மாற்றி, என் முதல் வரைவைத் தருகிறேன்.

1. வாடிக்கையாளருக்கான ஸ்லைடுகளின் வடிவம். "மிக அவசரம்" என்று மூன்று முறை வந்தது. ஒப்புதல் தேவை.
2. தேர்வான நபருக்கு வேலை உறுதிக் கடிதம். ஹெச்.ஆர். வெள்ளிக்குள், அதாவது இன்றைக்குள் பதில் கேட்கிறார்கள்.
3. புதிய திட்டத்துக்கு 8 பேர். ஒப்புதல் தேவை.
4. ஒரு சப்ளையரின் வங்கிக் கணக்கு மாறியிருக்கிறது. ஒப்புதல் தேவை.
5. மென்பொருள் லைசென்ஸ் டிசம்பர் 12-ல் முடிகிறது. பர்ச்சேஸ் பிரிவு "இன்னும் நேரம் இருக்கிறது" என்கிறது.

தகவலுக்கு மட்டும்: 15-ம் தேதி சனிக்கிழமை இரவு சர்வர் மாற்றம்.

இந்த வரிசை சரியா? ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு விவரம் எழுதலாம்?

---

தபால்பை | 11:41

மெயில் அதிகம் என்றால் முதலில் ரூல் போட வேண்டும். தலைப்பில் Fwd: இருந்தால் ஒரு ஃபோல்டருக்கு, அவர் Cc-யில் மட்டும் இருந்தால் இன்னொரு ஃபோல்டருக்கு. எங்கள் அலுவலகத்தில் அப்படிச் செய்த பிறகு இன்பாக்ஸ் காலியாகவே இருக்கிறது. எப்படி அமைப்பது என்று வேண்டுமானால் எழுதுகிறேன்.

---

ஆறாம்மாடி | 11:48

நன்றி தபால்பை. ஆனால் மெயிலைக் குறைப்பது என் கேள்வி இல்லை. வந்ததையெல்லாம் படித்தாகிவிட்டது. அதிலிருந்து அவருக்கு என்ன எழுதித் தருவது என்பதுதான் கேள்வி.

---

வெயில்நேரம் | 12:05

நான்கு கட்டம் போடுங்கள். அவசரமும் முக்கியமும், அவசரமில்லாத முக்கியம், முக்கியமில்லாத அவசரம், இரண்டும் இல்லாதது. ஒவ்வொரு மெயிலையும் ஒரு கட்டத்தில் வைத்தால் வரிசை தானாக வந்துவிடும். அவசரத்துக்கு, அனுப்பியவர் சிவப்பு ஆச்சரியக்குறி போட்டிருக்கிறாரா என்று பாருங்கள். முக்கியத்துவத்துக்கு, அனுப்பியவர் எந்தப் பதவியில் இருக்கிறார் என்று பாருங்கள். இந்தக் கணக்கில் உங்கள் வரிசை ஏறக்குறைய சரிதான்.

---

குறிப்பேடு | 12:52

வெயில்நேரம் சொல்வதில் ஒரு பாதியை ஏற்றுக்கொள்கிறேன். அவசரம் வேறு, முக்கியம் வேறு என்று பிரிப்பது நல்ல பழக்கம். ஆனால் இரண்டையும் அளக்க அவர் எடுத்த அளவுகோல்கள் அனுப்பியவரைப் பற்றியவை. சிவப்புக் குறி அனுப்பியவரின் பதற்றத்தைச் சொல்லும், அவ்வளவுதான். மேலாளர் இதைச் செய்யாவிட்டால் என்ன ஆகும், எந்த நாளுக்குப் பிறகு செய்தும் பயனில்லை என்பது மெயிலின் உள்ளே இருக்கும், சில சமயம் இணைப்பின் உள்ளே இருக்கும். பட்டியல் போடுபவரின் உண்மையான வேலை அதைத் தோண்டி எடுப்பதுதான்.

ஆறாம்மாடி, வரிசையைப் பார்ப்பதற்கு முன் மூன்று விஷயங்களைச் சரிபார்த்துவிட்டு வாருங்கள்.

முதலாவது தேதி. ஃபார்வர்டு ஆன மெயிலில் இரண்டு தேதிகள் உண்டு. மேலே தெரிவது உங்கள் மேலாளர் தட்டிவிட்ட நாள். மெயிலை எழுதிய நாள் கீழே, Sent: என்றோ Date: என்றோ இருக்கும் வரியில் இருக்கிறது. "வெள்ளிக்குள்", "நாளைக்குள்", "இந்த வார இறுதிக்குள்" எல்லாவற்றையும் அந்தக் கீழ் வரியிலிருந்துதான் எண்ண வேண்டும். ஹெச்.ஆர். மெயிலில் அந்த வரி என்ன சொல்கிறது?

இரண்டாவது கடைசி வார்த்தை. ஒரே விஷயம் நான்கைந்து மெயில்களாக வரும். நடுவில் யாராவது தலைப்பை மாற்றியிருந்தால் மெயில் பெட்டி அதைத் தனி உரையாடலாகக் காட்டக்கூடும். எனவே மெயில்களை வந்த நேரப்படி அடுக்காமல் விஷயவாரியாகச் சேருங்கள். ஒவ்வொரு குவியலிலும் கடைசி மெயிலை முதலில் படியுங்கள். ஸ்லைடு விஷயத்தில் கடைசியாக எழுதியது யார், என்ன எழுதினார்?

மூன்றாவது இணைப்பு. லைசென்ஸ் மெயிலோடு ஒப்பந்தம் வந்திருக்கிறதா? வந்திருந்தால் ரத்து, புதுப்பித்தல் என்று வரும் பத்திகளைப் படியுங்கள். பதில் அனுப்பும்போது பழைய இணைப்பு கழன்றுவிடும், ஃபார்வர்டு செய்தால்தான் கூட வரும். அதனால் பதில்மேல் பதிலாகப் போன மெயிலை அவர் அனுப்பியிருந்தால் ஒப்பந்தம் அதில் இருக்காது. பர்ச்சேஸ் பிரிவிடம் கேட்டு வாங்குங்கள்.

---

ஆறாம்மாடி | பிற்பகல் 2:10

பார்த்துவிட்டேன். மூன்றிலும் படம் மாறிவிட்டது.

ஹெச்.ஆர். மெயில் எழுதப்பட்டது வியாழன், அக்டோபர் 30. எனக்கு வந்தது நவம்பர் 4. அப்படியானால் அவர்கள் கேட்ட வெள்ளி 31-ம் தேதி.

ஸ்லைடு விஷயத்தில் "இறுதிப் பிரதி" என்று வேறு தலைப்பில் நேற்று மாலை ஒரு மெயில் வந்திருக்கிறது: "பழைய வடிவத்தையே வைத்துக்கொண்டோம், வாடிக்கையாளருக்கு அனுப்பிவிட்டோம்."

லைசென்ஸ் ஒப்பந்தம் இணைப்பில் இல்லை, கேட்டு வாங்கினேன். முடிவு நாளுக்குக் குறைந்தது 30 நாள் முன்பாகக் கையெழுத்திட்ட ரத்துக் கடிதம் எதிர்த் தரப்பின் கைக்குச் சேராவிட்டால் ஒப்பந்தம் தானாக இன்னொரு வருடத்துக்கு நீளும் என்று இருக்கிறது. இதே உரையாடலில் ஐ.டி. பிரிவு செவ்வாய்க்கிழமை ஒரு வரி எழுதியிருக்கிறது: வாங்கிய லைசென்ஸ்களில் பாதிதான் பயன்பாட்டில் இருக்கின்றன.

---

குறிப்பேடு | 2:48

இப்போது எண்ணிப் பார்க்கலாம். டிசம்பர் 12-லிருந்து 30 நாள் பின்னால் போனால் நவம்பர் 12, புதன். 12-ம் தேதி கணக்கில் சேருமா சேராதா என்று பின்னால் யாரும் வாதம் செய்ய இடம் வைக்காதீர்கள். 11-ம் தேதி செவ்வாயைக் கெடுவாக வையுங்கள். அன்று கடிதம் கையில் சேர வேண்டும் என்றால் திங்களன்றே கையெழுத்தாகிக் கிளம்ப வேண்டும். சட்டப் பிரிவு வரைவு எழுத ஒரு வேலை நாள் எடுக்கும் என்றால், வரைவு இன்றே தொடங்க வேண்டும்.

ஐந்தாம் இடத்தில் "நேரம் இருக்கிறது" என்று கிடந்த விஷயம் முதலிடத்துக்கு வந்துவிட்டது. பர்ச்சேஸ் பிரிவு பொய் சொல்லவில்லை. ஒப்பந்தம் முடியும் நாளை அவர்கள் பார்த்தார்கள், முடிவெடுக்க வேண்டிய நாளைப் பார்க்கவில்லை. எந்தக் கெடுவாக இருந்தாலும் இப்படிப் பின்னாலிருந்து எண்ணுங்கள். விஷயம் முடிய வேண்டிய நாள், அதற்கு மற்றவர்களுக்குத் தேவைப்படும் நாள்கள், இரண்டையும் கழித்தால் வருவதுதான் மேலாளருடைய கெடு. பட்டியலில் அந்தத் தேதியை எழுதுங்கள், ஒப்பந்தத்தின் தேதியை அடைப்பில் வைத்தால் போதும்.

இன்னொன்று. ரத்து செய்யலாமா வேண்டாமா என்று அவர் திங்களன்று முடிவு செய்ய வேண்டிய அவசியமில்லை. ரத்துக் கடிதம் அனுப்பிவைத்தால், குறைந்த எண்ணிக்கையில் புதிதாகப் பேச வழி திறந்திருக்கும். அனுப்பாவிட்டால் வழி அடைபடும். அந்த வேறுபாட்டை ஒரே வரியில் அவருக்கு எழுதலாம். "லைசென்ஸ் பற்றி முடிவெடுக்கவும்" என்று மட்டும் எழுதினால் அவர் இருபது மெயிலைத் திரும்பப் படிக்க வேண்டியிருக்கும்.

தேர்வான நபர் விஷயத்தில் கெடு போய்விட்டது. அதற்காகப் பட்டியலிலிருந்து எடுத்துவிடாதீர்கள். கெடு தாண்டியது என்றால் முடிந்துவிட்டது என்று அர்த்தம் இல்லை. யாராவது அவகாசம் வாங்கியிருக்கலாம், அந்த நபர் வேறு வேலைக்குப் போயிருக்கலாம். நம்மிடம் இருக்கும் மெயில்களில் அது தெரியாது. ஃபார்வர்டு மெயில் ஒரு கணத்தின் படம் மட்டுமே. அதற்குப் பிறகு மற்றவர்கள் தங்களுக்குள் எழுதிக்கொண்டது உங்களுக்கு வராது. ஹெச்.ஆருக்குப் போன் செய்யுங்கள்.

இந்த இரண்டும் திங்கள் காலைப் பட்டியலுக்குக் காத்திருக்கக் கூடாது. இன்றே அவருக்குக் குறுஞ்செய்தி அனுப்புங்கள்.

---

மூன்றாம்வரி | 4:15

நான் மேசையின் அந்தப் பக்கத்தில் இருப்பவன், பிரிவு மேலாளர். எனக்கும் ஒரு உதவியாளர் இப்படிப் பட்டியல் போடுவார். என் அனுபவத்தைச் சொல்கிறேன்.

எனக்கு வேண்டியது சுருக்கம் இல்லை. நான் "சரி" என்றோ "வேண்டாம்" என்றோ சொல்லி முடிக்கக்கூடிய கேள்விகள் வேண்டும். "புதிய திட்டத்துக்கு ஆள் எண்ணிக்கை குறித்து விவாதம் நடக்கிறது" என்று எழுதினால் நான் என்ன செய்ய? "6 பேரா, 8 பேரா? செவ்வாய்க்குள் உங்கள் பதில் வேண்டும், வேலை அட்டவணை அதற்காக நிற்கிறது" என்று எழுதினால் நடந்துகொண்டே பதில் சொல்வேன்.

இன்னொரு விஷயத்தில் குறிப்பேடோடு எனக்கு ஒத்துப்போகவில்லை. எது முதலில் என்பதை நான்தான் முடிவு செய்ய வேண்டும். உதவியாளருக்குத் தெரியாத காரணங்கள் என்னிடம் இருக்கும். ஒரு சிறிய விஷயம், அதைக் கேட்பவரோடு எனக்கு வேறொரு பேச்சு நடந்துகொண்டிருப்பதால் பெரிதாகலாம். தேதியை மட்டும் போட்டுக் கொடுங்கள், வரிசையை நான் பார்த்துக்கொள்கிறேன்.

---

குறிப்பேடு | 4:40

உங்களுக்குத் தெரிந்த காரணங்கள் எங்களுக்குத் தெரியாது என்பது உண்மை. ஆனால் வரிசை இல்லாத பட்டியல் என்று ஒன்று கிடையாது. வந்த நேரப்படி அடுக்கினாலும் அதுவும் ஒரு வரிசைதான், கால் மணி நேரத்தில் நீங்கள் மேலே இருப்பதைத்தான் பார்ப்பீர்கள். அதனால் நான் வரிசைப்படுத்திவிடுகிறேன், ஏன் அந்த இடம் என்பதை அரை வரியில் பக்கத்திலேயே எழுதுகிறேன். காரணம் உங்களுக்குப் பிடிக்கவில்லை என்றால் மாற்றிக்கொள்ளலாம்.

---

மூன்றாம்வரி | 4:52

அரை வரிக் காரணம் இருந்தால் ஒத்துக்கொள்ளலாம். என் உதவியாளர் காரணம் எழுதுவதில்லை, எண் மட்டும் போடுவார். எனக்கு உறுத்துவது அதுதான் போலிருக்கிறது. ஆனாலும் முதல் மூன்று இடங்களைத் தவிர மற்றவற்றுக்கு எண் போடத் தேவையில்லை என்றே நினைக்கிறேன்.

---

ஆறாம்மாடி | 5:05

6-ஆ 8-ஆ என்று நீங்கள் எடுத்துக்காட்டாகச் சொன்னதைப் பார்த்துத் திரும்பப் போய்த் தேடினேன். திட்ட மேலாளரின் செவ்வாய்க்கிழமை மெயிலில் 8 பேர். நிதிப் பிரிவின் வியாழக்கிழமை மெயிலில் 6 பேர். நிதிப் பிரிவுதான் பிந்தையது, அப்படியானால் 6 என்று மாற்றிவிடட்டுமா?

---

குறிப்பேடு | 5:31

மாற்றாதீர்கள். முதலில் நிதிப் பிரிவு எந்த மெயிலுக்குப் பதில் எழுதியது என்று கீழே இறங்கிப் பாருங்கள். அவர்கள் திங்கள்கிழமை மெயிலுக்குப் பதில் எழுதியிருந்தால், செவ்வாய்க்கிழமை மெயிலைப் பார்க்காமலே எழுதியிருக்கலாம். உரையாடல் இரண்டு கிளையாகப் பிரிந்துவிடும், இரண்டு கிளைக்கும் தலைப்பு ஒன்றாகவே இருக்கும், பிந்தைய தேதி வென்றது போலத் தோன்றும். கடைசி மெயிலை முதலில் படிக்கச் சொன்னேன் அல்லவா, அந்த வழி தடுமாறும் இடம் இதுதான். கிளை இருக்கிறதா என்று பார்த்து, ஒவ்வொரு கிளையின் கடைசியையும் படிக்க வேண்டும்.

ஜிமெயிலில் பழைய உரை மூன்று புள்ளிக்குள் மடிந்திருக்கும், விரித்துப் பாருங்கள். சிலர் "என் பதில்கள் கீழே நீல எழுத்தில்" என்று நடுநடுவே எழுதுவார்கள். போனிலிருந்து ஃபார்வர்டு ஆகி வரும்போது நிறம் போய்விட்டால், யார் எழுதியது என்றே தெரியாது. அப்படி ஒன்று கண்ணில் பட்டால் ஊகிக்காமல் மூல மெயிலைக் கேளுங்கள். கணினியில் இருந்தால் மெயிலையே இணைப்பாக ஃபார்வர்டு செய்யும் வசதி அவுட்லுக், ஜிமெயில் இரண்டிலும் இருக்கிறது. அனுப்பியவர், பெற்றவர், தேதி எல்லாம் மாறாமல் வரும்.

எண்கள் மோதினால் பட்டியலில் இரண்டையும் எழுதுங்கள், யார் சொன்னது, என்றைக்கு என்பதோடு. ஒன்றைத் தேர்ந்தெடுத்து மற்றதை மறைத்தால், முடிவை நீங்களே எடுத்துவிட்டதாக ஆகும்.

---

கணக்குமேசை | 6:20

நான் கணக்குப் பிரிவு. நான்காவது வரி என்னைத் தூக்கிவாரிப்போட்டது. தயவுசெய்து "ஒப்புதல் தேவை" என்று அதை எழுதாதீர்கள்.

சப்ளையரின் கணக்கு எண் மாறிவிட்டது என்று மெயிலில் வருவது மோசடிக்காரர்கள் அதிகம் பயன்படுத்தும் வழி. சப்ளையரின் மெயில் பெட்டிக்குள்ளேயே புகுந்து, பழைய உரையாடலுக்குப் பதிலாக அனுப்புவார்கள். முகவரி சரியாக இருக்கும், பழைய பில் எண்கூடச் சரியாக இருக்கும். அது ஃபார்வர்டு ஆகி வரும்போது இன்னும் ஆபத்து. உங்களுக்கு அனுப்பியவர் உங்கள் மேலாளர், அவருக்கு அனுப்பியவர் அலுவலகத்தில் ஒருவர். இரண்டு நம்பகமான பெயர்கள் மேலே உட்கார்ந்திருப்பதால் கீழே இருப்பதை யாரும் சந்தேகிக்க மாட்டார்கள். மூல அனுப்புநர் முகவரியும் ஃபார்வர்டு உரையில் சில சமயம் வெறும் பெயராகத்தான் தெரியும்.

பட்டியலில் இப்படி வர வேண்டும்: "கணக்கு மாற்றக் கோரிக்கை. சரிபார்க்கப்படவில்லை. நம் பதிவேட்டில் ஏற்கெனவே இருக்கும் எண்ணில் சப்ளையரை அழைத்து கணக்குப் பிரிவு உறுதி செய்யும்வரை பணம் அனுப்ப வேண்டாம்." அந்த மெயிலில் இருக்கும் போன் எண்ணுக்கு அழைக்கக் கூடாது. இது மேலாளரின் வேலையே இல்லை, கணக்குப் பிரிவின் வேலை. அவருக்குத் தெரிந்தால் போதும்.

---

ஆறாம்மாடி | 6:34

மிக்க நன்றி. எங்கள் கணக்குப் பிரிவுக்கு இப்போதே சொல்லிவிட்டேன். அவர்கள் அழைத்துப் பார்ப்பதாகச் சொன்னார்கள்.

---

வெயில்நேரம் | சனி, நவம்பர் 8, காலை 9:15

நேற்றிலிருந்து படிக்கிறேன். சிவப்புக் குறி பற்றிக் குறிப்பேடு சொன்னதை ஏற்கிறேன். ஆனால் பின்னாலிருந்து எண்ணும் முறையில் ஒரு குறை இருக்கிறது. தேதி உள்ளதெல்லாம் மேலே போகும், தேதி இல்லாதது கீழேயே கிடக்கும். ஒரு படிவத்துக்குக் கெடு இருக்கும். ஒரு நல்ல ஆள் வேலையை விட்டுப் போகும் யோசனையில் இருக்கிறார் என்ற மெயிலுக்குக் கெடு இருக்காது. எது பெரியது? நான்கு கட்டம் இதற்காகத்தானே இருக்கிறது.

---

குறிப்பேடு | 10:02

சரியான இடத்தில் தொட்டீர்கள். தேதி இல்லாதவற்றுக்கு நான் கேட்கும் கேள்வி வேறு: இதற்காக யார் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார்கள்? 6-ஆ 8-ஆ என்பதற்கு யாரும் கெடு சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் அந்தப் பதில் வரும்வரை திட்டக்குழு அட்டவணை போட முடியாது, ஹெச்.ஆர். ஆள் தேட முடியாது. இரண்டு குழு நிற்கிறது என்றால் அது மேலே போகும்.

நீங்கள் சொன்ன ஆள் விலகும் விஷயத்தில் யாரும் நிற்கவில்லை, கெடுவும் இல்லை. என் இரண்டு கேள்வியும் அதைப் பிடிக்காது. அப்படிப்பட்டதைக் கடைசியில் தனியாக ஒரு வரியில் வைப்பதுதான் எனக்குத் தெரிந்த வழி. அது போதாது என்று நீங்கள் சொன்னால் மறுக்க மாட்டேன். ஆனால் அந்த விஷயத்தை இந்தப் பக்கத்தில் எழுதவே வேண்டாம். அச்சிட்ட தாள் மேசையில் கிடக்கும், கூட்டத்தில் திரையில் தெரியும். தனிநபர் விஷயம் நேரில் சொல்ல வேண்டியது.

ஆறாம்மாடி, உங்கள் கடைசி வரி இன்னும் பாக்கி இருக்கிறது. சர்வர் மாற்றத்தைத் தகவலுக்கு என்று போட்டிருக்கிறீர்கள். அந்த மெயிலின் வாசகத்தை அப்படியே எழுத முடியுமா?

---

ஆறாம்மாடி | 10:25

"12-ம் தேதி மாலைக்குள் யாரும் மறுப்புத் தெரிவிக்காவிட்டால் 15-ம் தேதி இரவு 10 மணி முதல் மறுநாள் காலை 6 மணி வரை சர்வர் மாற்றம் நடைபெறும்."

---

குறிப்பேடு | 10:50

இது தகவல் இல்லை. பதில் சொல்லாமல் இருந்தால் சம்மதம் என்று எடுத்துக்கொள்வோம் என்கிறது. இப்படிப்பட்ட மெயிலில் கேள்விக்குறி இருக்காது, "தயவுசெய்து" இருக்காது, யார் பெயரும் இருக்காது. ஆனால் உங்கள் மேலாளர் சும்மா இருந்தாலே ஒரு முடிவு அவர் பெயரில் பதிவாகிவிடும். வாரக் குவியலில் அடிக்கடி தவறிப்போவது இந்த வகைதான், ஏனென்றால் கண் கேள்விகளையும் கோரிக்கைகளையும்தான் தேடிக்கொண்டிருக்கும். "மறுக்காவிட்டால்", "இல்லையெனில்", "என்று வைத்துக்கொள்கிறோம்", "வேறு கருத்து இல்லை என்றால்" என்ற சொற்களைத் தேடல் பெட்டியில் தனித்தனியாகப் போட்டுப் பாருங்கள்.

அந்த இரவில் உங்கள் பிரிவில் ஏதாவது ஓடுகிறதா?

---

ஆறாம்மாடி | 11:40

ஓடுகிறது. ஒவ்வொரு மாதமும் 15-ம் தேதி இரவு பில் தயாரிக்கும் வேலை ஓடும். புதன்கிழமை வந்த வேறொரு மெயிலில் பில்லிங் குழு அதை ஒரு வாக்கியத்தில் சொல்லியிருக்கிறது. இரண்டு மெயிலும் என்னிடம்தான் இருக்கின்றன. அனுப்பிய இரண்டு குழுக்களுக்கும் மற்றதன் மெயில் போகவில்லை.

திருத்திய பட்டியல் இதோ. லைசென்ஸ் பற்றி நேற்றே அவருக்குச் செய்தி அனுப்பினேன், வரைவு தயாரிக்கச் சொன்னார். ஹெச்.ஆரில் யாரும் போனை எடுக்கவில்லை, செய்தி விட்டிருக்கிறேன்.

உங்கள் முடிவு தேவை

1. லைசென்ஸ் ரத்துக் கடிதத்தில் கையெழுத்து. திங்கள் 10, நண்பகலுக்குள். கடிதம் போகாவிட்டால் ஒப்பந்தம் தானாக ஒரு வருடம் நீளும். போனால் குறைந்த எண்ணிக்கைக்குப் பேசலாம், பாதி லைசென்ஸ் பயன்பாட்டில் இல்லை (ஐ.டி., நவ. 4). சட்டப் பிரிவின் வரைவு மேசையில்.

2. வேலை உறுதிக் கடிதம்: அனுப்பலாமா? கேட்ட நாள் அக். 31, கடந்துவிட்டது. தற்போதைய நிலை தெரியவில்லை, ஹெச்.ஆரிடம் கேட்டிருக்கிறேன்.

3. சனி 15 இரவு சர்வர் மாற்றத்துக்கு மறுப்புத் தெரிவிக்கலாமா? புதன் 12 மாலைக்குள். அதே இரவு பில் தயாரிப்பு ஓடுகிறது (பில்லிங் குழு, நவ. 5). பதில் சொல்லாவிட்டால் சம்மதமாகும். மறுப்பு மெயில் எழுதி வைத்திருக்கிறேன், நீங்கள் சரி என்றால் அனுப்பலாம்.

4. புதிய திட்டம்: 6 பேரா, 8 பேரா? கெடு சொல்லப்படவில்லை. திட்டக்குழுவும் ஹெச்.ஆரும் இதற்காக நிற்கிறார்கள். 8: திட்ட மேலாளர், நவ. 4. 6: நிதிப் பிரிவு, நவ. 6, ஆனால் திங்கள்கிழமை மெயிலுக்கான பதில்.

மற்றவர்களிடம் இருப்பது

சப்ளையர் கணக்கு மாற்றம்: கணக்குப் பிரிவு சரிபார்க்கிறது. அதுவரை பணம் போகாது.

முடிந்தது

ஸ்லைடு வடிவம்: பழையதே அனுப்பப்பட்டது (நவ. 6).

---

குறிப்பேடு | மதியம் 12:15

நன்றாக இருக்கிறது. "கெடு சொல்லப்படவில்லை" என்று வெளிப்படையாக எழுதியது எனக்குப் பிடித்தது. அந்த இடத்தில் பலர் தாங்களே ஒரு தேதி போட்டுவிடுவார்கள். ஒரு வாரத்தில் அது எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் தெரியாமல் உண்மையான கெடுவாக உலவத் தொடங்கிவிடும்.

ஒரே ஒரு சேர்க்கை. அவரே கொடுத்த வாக்குகளையும் பாருங்கள். ஃபார்வர்டு மெயில்களின் கீழ்ப்பகுதியில் "அடுத்த வாரம் பார்த்துச் சொல்கிறேன்" என்று அவரே யாருக்காவது எழுதியிருப்பார். கேட்டவர் திரும்பக் கேட்கவில்லை என்பதால் அது புதிய மெயிலாக மேலே வராது. மடிந்த பகுதியில் அவர் பெயரைத் தேடினால் கிடைக்கும்.

---

மூன்றாம்வரி | 1:30

நான்கு கேள்வி, நான்குக்கும் நின்றபடியே பதில் சொல்லிவிடலாம். ஆனால் அந்த "முடிந்தது" எதற்கு? நான் செய்ய வேண்டியதே இல்லாததை நான் ஏன் படிக்க வேண்டும்?

---

கணக்குமேசை | 1:52

வேண்டும் என்பேன். மூன்று முறை "மிக அவசரம்" என்று வந்ததை அவரும் போனில் பார்த்திருப்பார். பட்டியலில் அதைக் காணவில்லை என்றால் தவறிவிட்டதோ என்று நினைத்துத் திரும்ப மெயில் பெட்டிக்குள் போவார். ஒரு வரி அதைத் தடுக்கும்.

---

மூன்றாம்வரி | 2:04

அவர் கையால் ஃபார்வர்டு செய்ததற்கு மட்டும் என்றால் சரி. மற்றபடி முடிந்ததையெல்லாம் எழுதத் தொடங்கினால் அடுத்த மாதம் அந்தப் பகுதிதான் பக்கத்தில் பாதியை எடுக்கும்.

---

ஆறாம்மாடி | 4:45

அவர் எழுதிய பழைய வரிகளைத் தேடினேன். திங்கள்கிழமை மெயிலின் அடியில், அக்டோபர் 28 அன்று, ஒரு வாடிக்கையாளருக்கு "இரண்டு வாரத்தில் திருத்திய திட்ட அட்டவணை அனுப்புகிறேன்" என்று எழுதியிருக்கிறார். எண்ணிப் பார்த்தால் நவம்பர் 11. அட்டவணை வேண்டுமென்றால் 6-ஆ 8-ஆ என்று முடிவாக வேண்டும். அதனால் நான்காவது வரிக்கு இப்போது ஒரு தேதி கிடைத்துவிட்டது, அதை இரண்டாவது இடத்துக்குக் கொண்டுபோகிறேன். திங்களன்றே பதில் சொன்னால்தான் திட்டக்குழுவுக்கு ஒரு நாளாவது கிடைக்கும்.

ஹெச்.ஆரிடமிருந்து இன்னும் பதில் இல்லை. அந்த வரியை "நிலை தெரியவில்லை" என்றே விட்டிருக்கிறேன்.